வைவா அறையில் அந்த முதல் நிமிடம்

"உங்களைப் பற்றியும், இந்த ஆய்வுக்குள் எப்படி வந்தீர்கள் என்பதையும் சுருக்கமாகச் சொல்லுங்கள்." என் முனைவர் பட்ட வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, இந்த வரியோடுதான் தொடங்கியது. அதற்குப் பிறகு நடந்த ஒன்றரை மணி நேரம், இதற்கு நான் சொன்ன ஒரு நிமிடப் பதிலைப் பிடித்துக்கொண்டே போனது. அதனால் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் எழுதுகிறேன். ஸ்லைடு, உடை, கோப்பு பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

என் ஆய்வு ரப்பர்த் தோட்டச் சொற்களைப் பற்றியது. மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர்கள், பலர் இன்று அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பால் பிடிக்கும் மங்கு, ஒட்டுப்பால், மரவரிசையான நெரை, பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயக்கொட்டகை மாதிரியான சொற்கள் அவர்களிடம் எப்படி நிற்கின்றன என்று பார்த்தேன். ஆய்வேடு தமிழில். தேர்வாளர் இருவரும் தமிழர்கள். அவைத்தலைவராக வந்தவர் வேறு துறைப் பேராசிரியர், மலாய்க்காரர், தமிழ் தெரியாதவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வைவாவுக்கு மூன்று வாரம் முன்பு கோலாலம்பூர் செந்தூலில் ஒரு தோழியின் வீட்டில் ஒத்திகை வைத்தோம். ஏற்கனவே பட்டம் முடித்த அக்கா ஒருவர் வெளித்தேர்வாளராக உட்கார்ந்தார். நான் பேர், ஊர், படித்த பள்ளி, இளங்கலை, முதுகலை என்று ஆரம்பித்து, ஆய்வுத் தலைப்பைச் சொல்லி, முதல் இயல், இரண்டாம் இயல் என்று வரிசையாகப் போனேன். "மலேசியத் தோட்டத் தமிழ் வேகமாக அழிந்துவருகிறது, அதை முதன்முறையாக ஆராய்ந்திருக்கிறேன்" என்று முடித்தேன். கைப்பேசியில் 2 நிமிடம் 40 வினாடி ஓடியிருந்தது.

நீளத்தைப் பற்றித்தான் திட்டுவார் என்று நினைத்தேன். அக்கா அதைத் தொடவே இல்லை. கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். "மலேசியாவா? எத்தனை மாநிலத்துக்குப் போனே?" சிலாங்கூர் ஒன்றுதான். "முதன்முறையான்னா, இதுக்கு முன்னாடி யாரும் செய்யலன்னு எப்படித் தெரியும்?" தெரியாது. "அழிந்துவருகிறதுன்னா முப்பது வருஷத்துக்கு முன்னால எவ்வளவு இருந்துச்சுன்னு கணக்கு இருக்கணுமே, இருக்கா?" இல்லை. என் ஆய்வேட்டில் இந்த மூன்று கூற்றுகளில் ஒன்றுகூட இல்லை. எழுதும்போது அவ்வளவு கவனமாக இருந்த நான், பேசும்போது கெத்தாக இருக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டவை அவை.

அங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. தேர்வாளர்கள் ஆய்வேட்டைப் படித்து, எழுத்தில் அறிக்கையும் கொடுத்துவிட்டுத்தான் அறைக்கு வருகிறார்கள். இயல்களின் பட்டியல் அவர்களுக்குத் தேவையில்லை, பள்ளிக்கூடத்தின் பேரும் தேவையில்லை. அவர்கள் கையில் பேனாவோடு கேட்பது இரண்டு காரியத்துக்கு. இந்த ஆளுக்குத் தன் ஆய்வின் எல்லை தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். முதல் கேள்வியை எங்கிருந்து எடுக்கலாம் என்றும் பார்க்கிறார்கள். இரண்டாவதை நாம் முடிவு செய்யலாம். நமக்கு நன்றாகப் பதில் தெரிந்த இடத்தில் ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தால், பெரும்பாலும் அதற்குள்தான் முதலில் நுழைவார்கள்.

எனக்கு அந்தக் கதவு, ஆய்வு நடுவில் தடுமாறித் திரும்பிய இடம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

களப்பணியின் தொடக்கத்தில் நான் ஒரு சொற்பட்டியலோடு போனேன். "பாட்டி, மங்கு தெரியுமா?" "தெரியும்." "ஒட்டுப்பால்?" "தெரியும்." "வேற ஏதாவது சொல்லு நினைவிருக்கா?" "என்னம்மா இருக்கு, அதெல்லாம் மறந்து போச்சு." 11 பேரிடம் இப்படிக் கேட்டேன். பட்டியலில் இருந்ததைத் தாண்டிக் கிடைத்தது சொற்பம். பன்னிரண்டாவதாகப் பார்த்த பாட்டி பட்டியலைக் கையால் தள்ளிவிட்டு, "நான் என்ன செஞ்சேன்னு சொல்றேன், நீ எழுதிக்க" என்றார். நாலரைக்கு எழுந்து, பெரட்டில் நின்று, கிராணி பேர் கூப்பிட்டு, நெரைக்குப் போய், முதலில் வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்து... உரித்து என்று சொல்லும்போது அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து காற்றில் ஒரு நாரைச் சரிவாக இழுத்தன. நான் கேட்டே இராத சொற்கள் கால் மணி நேரத்தில் கொட்டின. அன்றோடு பட்டியலை மூட்டை கட்டினேன். பிறகு எல்லாரிடமும் ஒரே கேள்விதான்: விடியலில் எழுந்ததிலிருந்து சொல்லுங்கள்.

ஒத்திகையில் இதை நான் சொல்லவே இல்லை. தோல்வி மாதிரித் தெரிந்ததால் மறைத்திருந்தேன். அக்கா இதைக் கேட்டதும், "இதை விட்டுட்டு ஏன் ஸ்கூல் பேரச் சொல்லிக்கிட்டு இருக்க?" என்றார். கடைசியில் அறையில் நான் சொன்னது இது:

"வணக்கம். சிலாங்கூர் ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்து, இப்போது அடுக்குமாடி வீடுகளில் வசிக்கும் முதியவர்களின் தொழிற்சொற்களைப் பற்றியது என் ஆய்வு. என் பாட்டியும் பால்மரம் வெட்டியவர். முதலில் சொற்பட்டியல் வைத்துக்கொண்டு 11 பேரிடம் கேட்டேன், கிடைத்தது மிகக் குறைவு. பிறகு பட்டியலை விட்டுவிட்டு, ஒரு வேலைநாளை விடியலிலிருந்து சொல்லச் சொன்னேன், சொற்கள் தாமாக வந்தன. இந்தச் சொற்கள் தனித்தனியாக நிற்காமல், வேலையின் வரிசையோடு சேர்ந்து நினைவில் நிற்கின்றன என்பது நான் கண்டது. இப்படிப் பேசிய 27 பேரும் மூன்று தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். மற்ற மாநிலங்களுக்கு இதை நீட்டிச் சொல்ல மாட்டேன்."

இதில் என்னைப் பற்றி இருப்பது பாட்டியைப் பற்றிய ஒரு வரிதான். அதுவும் உருக்கத்துக்காக இல்லை. சொந்த உறவு இருப்பதால் ஒருபக்கமாகக் கேட்டிருப்பேனோ என்ற சந்தேகம் வரும், அதை நானே மேசையில் வைத்துவிட்டேன். கடைசி வரி, அக்கா கேட்ட "மலேசியாவா?" என்ற கேள்விக்கு முன்கூட்டியே பதில்.

நேரக் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கில வழிகாட்டிகள் நிமிடத்துக்கு 130 முதல் 150 சொற்கள் என்பார்கள். அதை நம்பித் தமிழில் 140 சொற்கள் எழுதினால் மாட்டிக்கொள்வோம். நம் சொற்கள் நீளமானவை, வேற்றுமையும் காலமும் சொல்லோடு ஒட்டியே வரும். "அடுக்குமாடி வீடுகளில்" என்பதை எண்ணிப் பார்த்தால் இரண்டே சொற்கள், சொல்லிப் பார்த்தால் தெரியும். என் வேகத்துக்கு 80, 85 சொற்களுக்குள் இருந்தால்தான் நிமிடம் தாண்டவில்லை. உங்கள் கணக்கைப் பதிவு செய்து பார்த்துக்கொள்ளுங்கள். நான் எல்ஆர்டி ரயிலில் போகும்போது பழகினேன்: மஸ்ஜித் ஜமேக்கில் கதவு மூடியதும் மனசுக்குள் ஆரம்பித்து, அடுத்த நிலையமான பசார் செனியில் கதவு திறப்பதற்குள் முடிக்க வேண்டும். உதட்டை அசைத்ததால் ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார், அது வேறு கதை.

நம் ஊரில் இன்னொரு நேரத்திருடன் உண்டு, விளிப்பு. யாங் பெர்பாஹாகியா, புரொபசர், டாக்டர் என்று ஒவ்வொருவரின் பட்டத்தையும் முழுசாகச் சொல்லி வணங்க ஆரம்பித்தால், நான்கு பேர் இருக்கும் அறையில் 20 வினாடி போய்விடும். அவைத்தலைவர் ஏற்கனவே எல்லாரையும் அறிமுகப்படுத்தியிருப்பார். அவரைப் பார்த்து ஒரு வணக்கம், மற்றவர்களுக்குப் பொதுவாக ஒரு வணக்கம், போதும். யாரும் முகம் சுளிக்கவில்லை.

சரி, கதவு வேலை செய்ததா? செய்தது. வெளித்தேர்வாளரின் முதல் கேள்வி: "அந்த 11 பேரை என்ன செய்தீர்கள்? 27-இல் அவர்களும் உண்டா?" இதற்காகத்தான் காத்திருந்தேன். 11 பேரில் 7 பேரிடம் திரும்பப் போய் புதிய முறையில் பேசினேன். ஒருவர் இறந்துவிட்டார், மூவர் இரண்டாம் முறை பேச விரும்பவில்லை. அந்த 7 பேரும் புதிதாகச் சந்தித்த 20 பேரும் சேர்ந்தது 27. பழைய பட்டியல் பேட்டிகள் பின்னிணைப்பில் தனியாக இருக்கின்றன என்று பக்கத்தோடு சொன்னேன்.

ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. "அந்த 7 பேருக்கு நீங்கள் முதல்முறை பட்டியலைப் படித்துக் காட்டிவிட்டீர்கள். இரண்டாம் முறை சொற்கள் வந்தது உங்கள் முறையாலா, முதல்முறை நீங்கள் நினைவுபடுத்திவிட்டுப் போனதாலா?" இதை நான் இவ்வளவு கூர்மையாக யோசித்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு, 7 பேரை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது என்று ஒத்துக்கொண்டேன். பட்டியலையே பார்க்காத 20 பேரிடமும் அதே போக்கு இருந்ததைக் காட்டினேன். அவர் தலையசைத்தார், ஆனாலும் விடவில்லை. அந்த இரு குழுவையும் பிரித்து ஓர் அட்டவணையும் ஒரு பத்தியும் சேர்க்க வேண்டும் என்பது எனக்கு வந்த சிறு திருத்தங்களில் ஒன்று. ஆக, நாமே திறந்த கதவாக இருந்தாலும் உள்ளே எத்தனை அறை இருக்கிறது என்று இரண்டு, மூன்று கேள்வி ஆழத்துக்குப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நான் ஓர் ஆழத்தோடு நின்றுவிட்டேன்.

எல்லா இடத்திலும் இந்தக் கேள்வி வரும் என்று சொல்ல முடியாது. சில குழுக்கள் நேராக ஸ்லைடுக்குப் போகச் சொல்லும். உங்கள் மேற்பார்வையாளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். அப்படியென்றால் இந்த நிமிடத்தை முதல் ஸ்லைடைக் காட்டும்போதே சொல்லிவிடலாம். மனப்பாடம் மட்டும் வேண்டாம். வரிசையை நினைவில் வைத்தால் போதும். நான் ஒத்திகையில் முழுசாக உருப்போட்டு, நடுவில் ஒரு சொல் விட்டுப்போனதும் மறுபடி "வணக்கம்" என்று ஆரம்பித்தேன், தோழி சிரித்துவிட்டாள்.

அவைத்தலைவர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் தமிழ் தெரியாமல் அவ்வளவு நேரமும் சும்மா உட்கார்ந்திருப்பாரே என்று, கடைசியில் மலாயில் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்திருந்தேன்: ரப்பர் வெட்டிய முதியவர்களின் வேலைச் சொற்கள், உதாரணமாக, வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் பாலுக்கு ஒட்டுப்பால் என்போம் என்று. அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "செக்ராப்," என்றார். "என் அப்பா கெடாவில் சொந்தமாக நாலு ஏக்கர் வெட்டினார். ஸ்கூல் விட்டு வந்து நான்தான் அதைச் சாக்கில் பொறுக்குவேன். கையில் நாற்றம் போகவே போகாது." பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வெளித்தேர்வாளர் பக்கம் திரும்பி, தொடங்கலாம் என்றார்.