ஏல முடிவை மாமாவுக்கு நான்கு வரியில் சொல்லப் பழகியது

ஈபிஎஃப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து எஃப்.டி.யில் போட்டு வைத்திருந்தார் பட்டர்வொர்த் மாமா. 2025 ஜூலையில் பேங்க் நெகாரா, வங்கி வட்டிகளுக்கு அடிப்படையான ஓபிஆர் விகிதத்தை 3.00 விழுக்காட்டிலிருந்து 2.75 ஆகக் குறைத்தது. எஃப்.டி. வட்டியும் இறங்கியதும் என்னிடம் கேட்டார்: "அரசாங்கப் பத்திரம் ஏலம் போகுதாமே, அதுல நமக்கு என்ன கிடைக்கும்? சுருக்கமா சொல்லுப்பா."

முதலில் ஒன்றை அவருக்குத் தெளிவாக்க வேண்டியிருந்தது. எம்ஜிஎஸ் எனப்படும் மலேசிய அரசாங்கப் பத்திரங்களின் ஏலத்தில் நாம் நேரடியாகக் கேட்க முடியாது. பிரின்சிபல் டீலர் எனப்படும் வங்கிகள் வழியாகத்தான் விலை கேட்கப்படுகிறது. முடிவு அன்றே வெளியாகிவிடும். அந்தத் தாளை நாம் கடையின் மொத்த விலைப் பட்டியலைப் போலப் பார்த்தால் போதும். அந்த விலைக்கு நமக்குக் கிடைக்காது. ஆனால் நம்மிடம் எவ்வளவு கூட்டிக் கேட்கிறார்கள் என்பது அதை வைத்துத்தான் தெரியும்.

தாளில் எண்கள் நிறைய. மாமா முதலில் பிடித்துக்கொண்டது கூப்பன் விகிதத்தை, அதாவது முகமதிப்பின் மேல் ஆண்டுதோறும் வரும் வட்டியை. "நாலு விழுக்காடு போட்டிருக்கே!" என்றார். புதிய பத்திரமாக இருந்தால், ஏலத்தில் வென்ற கேட்புகளின் சராசரி விளைவீதத்தை ஒட்டித்தான் கூப்பன் நிர்ணயமாகும். விளைவீதம் என்பது கொடுத்த விலைக்கு உண்மையில் கிடைக்கும் ஆண்டு வருமானம். அப்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் பல ஏலங்கள் ரீ-ஓப்பனிங், அதாவது ஏற்கெனவே உள்ள பத்திரத்தையே மறுபடி விற்பது. அங்கே கூப்பன் பழையது, விலைதான் மாறும்.

அவருக்காக ஒரு கற்பனைக் கணக்கு போட்டேன். கூப்பன் 4.00, மீதிக் காலம் சரியாக 5 ஆண்டு, ஏலத்தின் சராசரி விளைவீதம் 3.50 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 100 வெள்ளி முகமதிப்புக்கு விலை ஏறக்குறைய 102.28 வெள்ளி. 10,000 வெள்ளி முகமதிப்புக்கு வாங்கினால் 10,228 கட்ட வேண்டும். ஆண்டுக்கு 400 வெள்ளி வட்டி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாதிப் பாதியாக வரும். முடிவில் கைக்கு வருவது 10,000 மட்டுமே. அந்த 228 வெள்ளி கரைந்துபோவதையும் சேர்த்துப் பார்த்தால்தான் 3.50 என்பது புரியும். "அப்ப நாலுங்கறது கணக்கே இல்லையா?" என்று கேட்டார். உங்கள் கணக்குக்கு வரும் வட்டி அது, வருமானம் வேறு என்றேன்.

அடுத்தது, ஏலம் எப்படிப் போனது என்பது. இதற்குப் பெரும்பாலோர் பார்ப்பது பிட்-டு-கவர், அதாவது விற்கும் அளவைப் போல எத்தனை மடங்கு கேட்பு வந்தது என்பது. 400 கோடி வெள்ளிப் பத்திரத்துக்கு 720 கோடிக்குக் கேட்பு வந்தால் 1.8 மடங்கு. நான் இதை மட்டும் நம்புவதில்லை. சராசரி விளைவீதத்துக்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட உச்ச விளைவீதத்துக்கும் இடையிலான இடைவெளியை, அதாவது வாலை, சேர்த்துப் பார்ப்பேன். சராசரி 3.50, உச்சம் 3.505 என்றால் எல்லோரும் ஏறத்தாழ ஒரே விலையைக் கேட்டிருக்கிறார்கள். உச்சம் 3.54 வரை போயிருந்தால், ஒதுக்கிய அளவை நிரப்ப மலிவாகக் கேட்டவர்களுக்கும் கொடுக்க வேண்டியிருந்தது என்று பொருள். மடங்கு 1.8 ஆக இருந்தாலும் இப்படி நீண்ட வால் இருக்கலாம். இன்னொன்று, பிரைவேட் பிளேஸ்மென்ட் என்று தனியாக ஒரு தொகை சில நேரம் அறிவிக்கப்படும். அது ஏலத்துக்கு வெளியே போவது, மடங்குக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

சரி, நமக்கு என்ன? வாலின் நீளம் வாரக் கடைசியில் விலை எந்தப் பக்கம் சாயலாம் என்பதற்கு ஒரு சின்னக் குறிப்பு, அவ்வளவுதான். ஓய்வு பெற்றவருக்கு அதைவிட முக்கியம், வங்கி சொல்லும் விலை.

மாமா ஒரு வங்கியில் கேட்டார். விளைவீதம் 3.38 என்றார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கற்பனைப் பத்திரத்திலேயே சொன்னால், விளைவீதம் 0.12 குறைந்தால் விலை 100 வெள்ளிக்கு ஏறக்குறைய 55 சென் கூடும். 10,000 வெள்ளிக்கு 55 வெள்ளி, வாங்கும்போதே போய்விடும். இது மோசடி ஒன்றுமில்லை, சில்லறை விலை. ஆனால் மொத்த விலை தெரியாதவருக்கு அது எவ்வளவு என்று தெரியாது. குறைந்தபட்சத் தொகையும் இடத்துக்கு இடம் மாறும், அதைக் கேட்டுவிட வேண்டும். வாங்கும் நாள் வரை சேர்ந்த வட்டியும் தனியாகக் கூடும். அது அடுத்த கூப்பனில் திரும்பி வந்துவிடும்.

எஃப்.டி.யோடு ஒப்பிடும்போது வரி தலையிடாது. தனிநபருக்கு இரண்டு வட்டியும் வரிவிலக்கு. வித்தியாசம் வேறு இடத்தில். எஃப்.டி.யை முன்கூட்டி உடைத்தால் வட்டி போகும், அசல் போகாது. ஒரு வங்கியில் 250,000 வெள்ளி வரை பிஐடிஎம் வைப்புக் காப்புறுதியும் உண்டு. பத்திரத்தை நடுவில் விற்றால் அன்றைய விலைதான். அந்த ஐந்தாண்டுப் பத்திரத்தின் விளைவீதம் 3.50 இலிருந்து 4.50க்கு ஏறினால் விலை கிட்டத்தட்ட 4.4 விழுக்காடு விழும்.

இப்போது மாமாவுக்கு நான் அனுப்புவது நான்கு வரி: புதியதா ரீ-ஓப்பனிங்கா, மீதிக் காலம் எவ்வளவு; சராசரி விளைவீதம்; மடங்கும் வாலும்; அதே காலத்து எஃப்.டி. விகிதம். அவர் கடைசி வரியைத்தான் முதலில் படிக்கிறார். இரண்டுக்கும் இடையே அரை விழுக்காடாவது இல்லையென்றால், "போதும்டா, எஃப்.டி.யே இருக்கட்டும்" என்று பதில் வரும்.