'வாங்கித் தரப்படும்'

"உங்க தாள்ல எங்க மாதிரி ஆளுங்க இல்லீங்களே சார்." போச்சம்பள்ளிப் பக்கம் ஊறுகாய் போடும் அந்த அக்கா சொன்னதில் குறையேதும் இல்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

தாள் என்றது வாட்ஸப்பில் நான் அனுப்பும் ஒரு பக்க அறிமுகத்தை. என்ன செய்கிறேன், யாருக்குச் செய்கிறேன், எப்படிக் கூப்பிடுவது, அவ்வளவுதான். முதலில் 'அனைத்து உணவுத் தொழில்களுக்கும் உரிமம் வாங்கித் தரப்படும்' என்றிருந்தது. அது பொய். உரிமம் கொடுப்பது உணவுப் பாதுகாப்புத் துறை. நான் படிவம் நிரப்பி, ஆலையின் வரைபடமும் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையும் சேர்த்து, ஆய்வு நாளில் கூட நிற்பவன். அதனால் 'விண்ணப்பம் தயாரித்து, ஆய்வு முடியும்வரை உடனிருப்பேன்' என்று மாற்றினேன். 'யாருக்கு' என்ற இடத்தில் 'மாங்கூழ் ஆலைகள், ஏற்றுமதியாளர்கள்' என்று எழுதினேன். பெங்களூரா மாங்காய் வரத்து தொடங்கிவிட்டால் ஆலைகளுக்கே நான் போதமாட்டேன். 'மாலை 6 மணிக்கு மேல் அழைக்கவும்' என்பதும் அதற்காகத்தான்.

எல்லாம் நேர்மையான வரிகள் என்று இப்போதும் வாதாடுவேன்.

அக்காவின் வியாபாரம் வருஷத்துக்கு ஏழு லட்சம் இருக்கும். அப்போது 12 லட்சம் வரை பதிவு மட்டும் போதும், உரிமம் தேவையில்லை. வருஷத்துக்குக் கட்டணம் 100 ரூபாய். அரசின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் போட்டோவும் அடையாள அட்டையும் ஏற்றி அவரே முடித்திருக்கலாம். ஆனால் என் தாளைப் படித்துவிட்டு, 'வாங்கித் தரப்படும்' என்று பலகை மாட்டிய ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்விட்டார். 3000 ரூபாய். ஐந்து வருஷத்துக்கு என்று சொல்லி ஒரு வருஷத்துக்குத்தான் கட்டியிருக்கிறார்கள். அதைவிட மோசம், தொழில் வகையில் உற்பத்தி என்று போடாமல் சில்லறை விற்பனை என்று போட்டிருந்தது. 14 இலக்க எண் இருக்கிறது, லேபிளில் அச்சடித்தும் ஆயிற்று. பெங்களூர்க் கடைக்காரர் சான்றிதழைக் கேட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அந்தத் தாளின்படி அக்கா ஊறுகாய் விற்கலாம், போட முடியாது.

"முன்னாடியே ஒரு போன் போட்டிருக்கலாமேக்கா" என்றேன்.

"பெரிய கம்பெனிக்குன்னு போட்டிருந்தீங்க. நான் எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

நான் 'பெரிய' என்று எங்கும் எழுதவில்லை. எடுத்துப் பார்த்தேன், இல்லைதான். அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

திருத்தம் போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. பிறகு தாளில் ஒரு வரி சேர்த்தேன்: '12 லட்சத்துக்குள் என்றால் நீங்களே பதியலாம். தொழில் வகையை மட்டும் என்னிடம் கேட்டுவிட்டு அழுத்துங்கள். கட்டணம் இல்லை.' அந்த மே மாதம் ஒரே நாளில் பதினொரு அழைப்பு, கூழ் ஆலைக்குள் நிற்கும்போது. ஜூனில் அந்த வரியை எடுத்துவிட்டேன்.

சீசன் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. இன்னும் திரும்பப் போடவில்லை.