சனிக்கிழமை லேப் இருக்கு சார்: மாலைக் கல்லூரிக்காரர் லீவு கேட்கும் முறை

மாலைக் கல்லூரி என்றால் ஐந்தரை மணிக்கு மேல்தான் வகுப்பு, வேலைக்குத் தொந்தரவே இருக்காது என்று சொல்லித்தான் நம்மில் பலர் முதலாளியிடம் சம்மதம் வாங்கியிருப்போம். வாரநாள் வகுப்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் செய்முறை வகுப்பு மூன்று மணி நேரம் தொடர்ந்து நடக்க வேண்டியது. வாரநாளில் லேபைப் பகல் நேர மாணவர்கள் வைத்திருப்பார்கள். அதனால் எங்களுக்கு லேப் சனிக்கிழமை காலையில்தான். பருவத் தேர்வு நெருங்கும்போது விட்டுப்போன பாடத்தை முடிக்கத் தொடர்பு வகுப்பும் அதே சனிக்கிழமையில் நாள் முழுக்க வைப்பார்கள். அப்புறம் செய்முறைத் தேர்வு. அது வாரநாளிலும் வரும்.

நான் வேலை பார்ப்பது துறைமுகத்தை ஒட்டி, இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில், படிப்பது பி.எஸ்சி. கணினி அறிவியல். எங்கள் ஆபீசுக்குச் சனிக்கிழமை முழு வேலைநாள். முதலாளி ஏன் லீவுக்கு இழுக்கிறார் என்பது புரிந்தால்தான் கேட்கும் விதமும் பிடிபடும். இறக்குமதிச் சரக்குக்கு, பெரும்பாலும் கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் சுங்கத்துறையில் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி ஆவணத்தைப் போட்டுவிட வேண்டும். தவறினால் முதல் மூன்று நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், அதற்குப் பிறகு தினம் 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். ஆக, திங்கட்கிழமை கப்பல் என்றால் வார இறுதிக்குள் ஃபைலிங் முடிந்தாக வேண்டும். அந்தச் சனிக்கிழமை போய் "காலேஜ் இருக்கு சார்" என்று நின்றால் அவருக்கு என் படிப்பா தெரியும்? சரக்குக்காரப் பார்ட்டி போனில் கத்துவதுதான் கேட்கும்.

அதனால் பருவம் தொடங்கி லேப் அட்டவணை கையில் கிடைத்த வாரமே பேசிவிடுவது நல்லது. கல்லூரி அலுவலகத்தில் போனஃபைடு சான்றிதழ் வாங்குங்கள். துறைத்தலைவர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள அட்டவணை நகல் ஒன்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணையைப் பார்க்கும்போது நான்கு வகை நாட்களைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். எல்லாவற்றையும் "காலேஜ் லீவு" என்று மொத்தமாகக் கேட்டால் மறுப்பது சுலபம், ஏனென்றால் அது பெரிய எண்ணாகத் தெரியும்.

வாராந்திர லேபுக்கு லீவே கேட்காதீர்கள், பெர்மிஷன் கேளுங்கள். லேப் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. ஹைகோர்ட் மெட்ரோ நிலையத்திலிருந்து ஏறினால் மண்ணடி, வண்ணாரப்பேட்டை, தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை என்று வரிசையாக நிலையங்கள். வடசென்னைக்குள் கல்லூரி இருந்தால் இரண்டு மணிக்கு மேசையில் இருக்கலாம். விட்டுப்போன நேரத்தை இன்னொரு நாள் காலையில் சீக்கிரம் வந்து ஈடு செய்கிறேன் என்று சொல்லலாம். தொடர்பு வகுப்பு நாளுக்கு மாற்று நாள் வேலை. செய்முறைத் தேர்வுக்கும் எழுத்துத் தேர்வுக்கும் மட்டும் சம்பளத்தோடு முழு லீவு.

இந்தக் கடைசி வகைக்கு நம்மிடம் பிடிமானம் இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்படி, நியாயமான காரணத்துக்காக ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு தற்செயல் விடுப்பு உண்டு, வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே. ஓராண்டு முடித்துவிட்டால் அடுத்த ஆண்டில் இன்னும் 12 நாள் ஈட்டிய விடுப்பும் சேரும். ஆனால் படிப்பு விடுப்பு என்று தனியாக எதுவும் அதில் இல்லை. தொழிற்சாலை வேலைக்குச் சட்டம் வேறு. எனவே அந்தப் பன்னிரண்டு நாளைத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் கரைத்துவிடாமல் தேர்வுக்குச் சேர்த்து வைக்க வேண்டும். நோய் விடுப்பைப் போட்டுவிட்டு லேபுக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். வண்ணாரப்பேட்டை சின்ன ஊர், யாராவது பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அடுத்த முறை நிஜக் காய்ச்சலையும் நம்ப மாட்டார்கள்.

முதலாளியோடு பேசியது இப்படிப் போனது. "கம்ப்யூட்டர் படிப்புதானேப்பா? வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாமே, லேபுக்கு எதுக்கு?" இது நியாயமான கேள்வி, பதிலைத் தயாராக வைத்திருங்கள். "புரோகிராம் வீட்டில் எழுதலாம் சார். ஆனா லேப்ல அவுட்புட்டை மேடம் பார்த்து அப்சர்வேஷன் நோட்டுல கையெழுத்துப் போடணும். அப்பத்தான் ரெக்கார்டு நோட்டுல ஏத்த முடியும். ரெக்கார்டுல துறைத்தலைவர் கையெழுத்து இல்லைன்னா பரீட்சைக்கே உள்ள விட மாட்டாங்க." வருகைப் பதிவையும் சொல்லுங்கள். பொதுவாக 75 சதவீதம் வேண்டும். கொஞ்சம் குறைந்தால் அபராதம் கட்டித் தப்பலாம், ரொம்பக் குறைந்தால் அந்தப் பருவத் தேர்வே எழுத முடியாது. "சரி, ஃபைல் யார் பார்ப்பாங்க?" என்பது அடுத்த கேள்வி. உண்மையில் அவர் கேட்க நினைத்ததே இதுதான்.

அதற்குப் பதில், முன்கூட்டியே பேசிவைத்த ஒரு சக ஊழியர். எங்கள் ஆபீசில் ஒரு அண்ணன் இருக்கிறார், அவருக்கு ஞாயிற்றுக்கிழமை சி.எஃப்.எஸ். எனும் கன்டெய்னர் சரக்குக் கிடங்குக்குப் போவது பிடிக்காது. "ஞாயிறு டூட்டியை நான் பார்த்துக்கிறேன்ணே, சனிக்கிழமை காலையில என் ஃபைலை நீங்க பாருங்க" என்றேன், ஒத்துக்கொண்டார். வெள்ளி மாலை அவருக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்துவிடுவேன்: எந்த ஃபைலுக்குச் சுங்க வரி கட்டியாச்சு, எதற்குக் கப்பல் கம்பெனியிடம் டெலிவரி ஆர்டர் வாங்க வேண்டும், ஒரிஜினல் பேப்பர் எந்த டிராயரில், பார்ட்டி நம்பர் என்ன. இந்தத் தாள் இல்லாவிட்டால் லேபுக்குள் போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

வாயால் சொன்ன "சரி போ" இரண்டு வாரத்தில் மறந்துபோகும். அன்றைக்கே வாட்ஸ்அப்பிலாவது மெயிலிலாவது எழுத்தில் போட்டுவிடுங்கள். நான் அனுப்பியது ஏறக்குறைய இதுதான்:

"வணக்கம் சார். இன்று பேசியபடி, இந்தப் பருவம் முடியும்வரை சனிக்கிழமைகளில் காலை மட்டும் பெர்மிஷன், பிற்பகல் 2 மணிக்கு வந்துவிடுவேன். தொடர்பு வகுப்பு நாட்களுக்குப் பதில் ஞாயிறு வேலை செய்கிறேன். செய்முறைத் தேர்வுத் தேதி வந்ததும் தற்செயல் விடுப்புக்குத் தனியாக விண்ணப்பிக்கிறேன். கல்லூரி அட்டவணையை இணைத்திருக்கிறேன்."

செய்முறைத் தேர்வுதான் சிக்கலான இடம். வெளித்தேர்வாளர் வருகையைப் பொறுத்து நாள் முடிவாவதால் தேதி தாமதமாகத்தான் தெரியும். நவம்பரை ஒட்டிய பருவத்துக்கு அது தீபாவளி நெருக்கத்தில் வரும், ஏப்ரல் பருவத்துக்கு மார்ச் கணக்கு முடிக்கும் நேரத்தில் வரும். தேதி தெரியாவிட்டாலும் "இந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள்" என்று முன்பே சொல்லிவைத்தால், தேதி வந்தபின் கேட்பது புதிதாகக் கேட்பதாக இருக்காது.

அப்படியும் அன்றைக்கு அவசியம் ஆபீசில் இருக்க வேண்டும் என்றால், தேர்வை மொத்தமாக விடுவதற்கு முன் துறையில் பேசிப் பாருங்கள். பதிவெண் வரிசையில் காலை, மாலை என்று பேட்ச் பிரிப்பார்கள். பட்டியல் இறுதியாகும் முன் ஆபீஸ் கடிதத்தோடு போய்க் கேட்டால் பேட்ச் மாற்றிக் கொடுக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பட்டியல் ஒட்டிய பிறகு போனால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. தேர்வை விட்டால் அரியர், அந்த லேபை மறுபடி நடத்தும்வரை காத்திருக்க வேண்டும்.

தேர்வு முடிந்த மறுநாள், ஹால் டிக்கெட்டில் கண்காணிப்பாளர் கையெழுத்து விழுந்த பக்கத்தை நகலெடுத்து லீவு விண்ணப்பத்தோடு சேர்த்துவிடுவேன். யாரும் கேட்பதில்லை. ஆனால் எங்கள் அக்கவுண்ட்ஸ் அக்கா அதை ஃபைலில் வைத்துக்கொள்கிறார். அடுத்த பருவத்துக்கு லீவு போடும்போது என்னிடம் சான்று கேட்பதே இல்லை.