நவம்பரில் பிறந்தவனுக்கு ஒரு விரல் பற்றாது

ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு வார முகாம் வைப்பதென்றால் பண்டாரவளைப் பக்கம் வைக்க வேண்டும். அந்தப் பக்கம் அப்போது வெயில் காயும். நாங்கள் அட்டன் பக்கம் வைத்தோம். தென்மேல் பருவமழை நேராக வந்து மோதுகிற பக்கம். "விடுதி சும்மா கிடைச்சிருக்கு சேர்" என்றார்கள். சும்மா கிடைத்த விடுதிக்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் பக்கத்தில் இருப்பவர் இருமுவதுகூடக் கேட்காது.

வந்த பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேர், ஒன்பது வயதிலிருந்து பதின்மூன்று வரை. பொகவந்தலாவை, மஸ்கெலியா தோட்டங்களிலிருந்து பாதி, அட்டன் டவுனிலிருந்து கொஞ்சம், கொழும்பிலிருந்து ஐந்து, மட்டக்களப்பிலிருந்து மூன்று. (பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே ஒரே தோட்டத்துப் பிள்ளைகள் ஒரு மூலையில் கொத்தாக ஒட்டிக்கொண்டார்கள். கொழும்புப் பிள்ளைகள் ஜன்னலோரம் போனார்கள். மட்டக்களப்பு மூவரும் குளிரில் தங்கள் பைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் பயிற்சியெல்லாம் எடுத்தவன். பெயர் பழகும் விளையாட்டு என் கைவசம் இருந்தது. எல்லோரையும் ஒரே பெரிய வட்டமாக உட்கார வைத்தேன். முதல் பிள்ளை தன் பெயரையும் அதே எழுத்தில் தொடங்கும் ஒரு சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். அடுத்த பிள்ளை முதல் பிள்ளையுடையதையும் தன்னுடையதையும் சொல்ல வேண்டும். மூன்றாவது பிள்ளைக்கு மூன்று. இப்படியே வட்டம் முழுக்க. கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

முதலில் சிக்கியவன் ஹரி. 'ஹ'வில் என்ன சாப்பாடு இருக்கிறது? அவன் கூரையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எனக்கும் தெரியவில்லை. கொழும்புப் பிள்ளை ஒருத்தி, "ஹொப்பர்ஸ்!" என்று கத்தினாள். தோட்டத்துப் பிள்ளைகள் முழித்தார்கள். "அது ஆப்பந்தானே" என்றான் ஒருவன். "ஆப்பம்னா 'ஆ'தானே வரும்?" என்றான் இன்னொருவன். பெயர் விளையாட்டு இலக்கண வகுப்பாகிவிட்டது.

அடுத்து பவன். பதற்றத்தில் "பாவக்காய்" என்றான். பாவம், பழம் என்று சொல்லியிருந்தால் போதும். அந்த நிமிடத்திலிருந்து முகாம் முடியும்வரை அவன் பாவக்காய்தான். இந்த விளையாட்டில் யாரும் முன்கூட்டிச் சொல்லித்தராத ஆபத்து இதுதான். முதல் நாள் பெயரோடு ஒட்ட வைக்கிற சொல் பட்டப்பெயராகிவிடும், அதைப் பிறகு யாராலும் பிடுங்க முடியாது. பெயரோடு ஏதாவது வேண்டுமென்றால் ஒரு கை அசைவு வையுங்கள். அசைவை யாரும் வராந்தாவில் நின்று கத்திக் கூப்பிட முடியாது.

ஆனால் உண்மையான பிழை என் கணக்கில் இருந்தது. இருபத்தெட்டாவது பிள்ளை இருபத்தெட்டுப் பெயர் சொல்ல வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று இருபத்தெட்டு வரை கூட்டினால் 406 தடவை பெயர் சொல்ல வேண்டும். ஒரு பெயருக்கு மூன்று நொடி என்று வைத்தாலும் இருபது நிமிடம், யாரும் தடுமாறாமல் இருந்தால். மழை இரைச்சலில் ஒவ்வொருவரும் "என்ன? என்ன?" என்று கேட்டார்கள். பதினோராவது பிள்ளையைத் தொடும்போதே இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது. பன்னிரண்டாவது பிள்ளை எழுந்து, "சேர், ஒண்ணுக்கு" என்றாள். அது தொற்றுநோய். ஏழு பேர் எழுந்து வரிசையில் நின்றார்கள். முதல் நாளில் தானாக உருவான முதல் குழு அதுதான்.

மிச்சமிருந்தவர்களின் முகத்தைப் பார்த்தேன். யாரும் பெயரைக் கேட்கவில்லை. தன் முறைக்கு இன்னும் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். முறை முடிந்தவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளையாட்டு செத்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டாம்.

முகாம் பொறுப்பாளர் மெதுவாக என் காதில், "சங்கீதக் கதிரை வைப்பமா?" என்றார். அதில் முதலில் வெளியே போவது கதிரைக்கு முண்டியடிக்கக் கூச்சப்படுகிற பிள்ளைதான். போனால் மிச்ச நேரம் முழுக்க ஓரத்தில் தனியாகத்தான் உட்கார வேண்டும். வேண்டாம் என்றேன். அதைச் சொல்கிற தகுதி எனக்கு அப்போது இருந்ததா என்பது வேறு விஷயம்.

முதலில் அந்தக் கொத்துகளை உடைக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பிரித்தால் போதும் என்று நினைப்பீர்கள். போதாது. பிள்ளைகள் எண்ணுவதற்கு முன்னமே கணக்குப் போட்டு, சிநேகிதியிடமிருந்து மூன்றாவது இடத்தில் போய் நின்றுகொள்வார்கள். பெருக்கல் வாய்ப்பாடு தெரியாதவனுக்கும் இந்தக் கணக்கு வரும். அதனால் மழையையே துணைக்குக் கூப்பிட்டேன். "இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பிறந்த மாதத்தின்படி வரிசையில் நிற்க வேண்டும். ஜனவரி கதவுப் பக்கம், டிசம்பர் சமையலறைப் பக்கம். மாதத்தை விரலால் காட்டுங்கள். ஒரே மாதமென்றால் யார் முன்னால் நின்றாலும் சரி."

பேசக் கூடாது என்றதும் கூச்சப்பட்டவர்களுக்குத்தான் முதலில் உயிர் வந்தது. மட்டக்களப்புப் பையன் மூன்று விரலைத் தூக்கிக்கொண்டு நடந்தான். மஸ்கெலியாப் பிள்ளை நான்கு விரலைக் காட்டி அவனைத் தள்ளாத குறையாகத் தன் முன்னால் இழுத்து நிறுத்தினாள். ஜூலைக்காரர்கள் இரண்டு பேர் ஏழு விரலும் ஏழு விரலும் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

சமையலறைப் பக்கம்தான் குழப்பம். கவின் என்ற பொகவந்தலாவைப் பையன் பத்து விரலையும் விரித்துக்கொண்டு முழித்தான். அவன் நவம்பர். நவம்பருக்கு ஒரு விரல் பற்றாது. நான் விளக்கம் சொல்லும்போது இதை நினைக்கவே இல்லை. அவன் கொஞ்ச நேரம் கால் கட்டைவிரலைப் பார்த்தான், சப்பாத்துக்குள் இருந்தது. பிறகு பக்கத்தில் நின்ற, ஒரு வார்த்தை பேசியிராத கொழும்புப் பையனின் சுட்டுவிரலைப் பிடித்துத் தன் பத்து விரலோடு சேர்த்து வைத்துக் காட்டினான். அந்தப் பையன் விரலை இழுக்கவில்லை. அப்புறம் அவன் தன் மாதத்தைக் காட்டினான், டிசம்பர். கவின் இரண்டு விரலைத் திருப்பிக் கடன் கொடுத்தான். இப்போது நான் எங்கே போனாலும் இந்த விளையாட்டில் விரல் விதியை மாற்றுவதில்லை. நவம்பரும் டிசம்பரும் என்ன செய்கின்றன என்று பார்க்கவே ஆசை.

ஆறு நிமிடத்தில் வரிசை வந்தது. இப்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். பத்து, ஒன்பது, ஒன்பது. சிநேகிதர்கள் அநேகமாகப் பிரிந்துவிட்டார்கள்.

மூன்று சிறு வட்டங்களில் பந்து விளையாட்டு. பந்து இல்லை, ஒரு மேஸ் சோடியைச் சுருட்டினோம். அது யாருடையது என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை, வாசனை மட்டும் தெரிந்தது. முறை இதுதான்: முதல் சுற்றில் எல்லோரும் கையை முன்னால் நீட்டி நிற்க வேண்டும். யாருக்கு எறிகிறோமோ அவருடைய பெயரைக் கேட்டு, சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் எறிய வேண்டும். பந்து கிடைத்து எறிந்தவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார், அப்போதுதான் ஒருவரும் விடுபடமாட்டார்கள். இரண்டாவது சுற்றில் அதே ஒழுங்கு, அதே ஆளுக்கு, பெயர் சொல்லி. பிசகாமல் வந்ததும் இரண்டாவது மேஸ், அப்புறம் மூன்றாவது. ஒன்பது பேருக்கு மூன்று போதும், அதற்கு மேல் போனால் வெறும் மேஸ் மழைதான். இதில் எல்லோருக்கும் எப்போதும் வேலை இருக்கிறது. பெயரை மறந்தால் உடனே கேட்கலாம், அவமானம் இல்லை. கண்ணைப் பார்க்காமலே பெயரைச் சொல்லி எறியத் தொடங்கினால் பெயர் பதிந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு வட்டங்களைக் கலந்து இன்னும் இரண்டு தடவை விளையாடினோம்.

சாயந்தரத் தேநீருக்குப் பிறகு கம்பளி விளையாட்டு. பெயரை இரண்டு மூன்று தடவையாவது கேட்ட பிறகுதான் இதை வைக்க வேண்டும், காலையில் வைத்திருந்தால் அழுகைதான் மிஞ்சியிருக்கும். நடுவில் இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். இரு பக்கமும் பதினான்கு பதினான்கு பேர் தரையில் உட்கார, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒருவர் ஊர்ந்து திரைக்கு அருகில் வருவார். மூன்று எண்ணியதும் திரை விழும். எதிரில் இருப்பவரின் பெயரை முதலில் சொன்னவர் அவரைத் தன் பக்கம் கூட்டிப்போவார். இரண்டு பேரும் திகைத்தால் பின்னால் இருப்பவர்கள் கத்திக்கொடுக்கலாம். தோற்றவர் வெளியே போவதில்லை, கட்சிதான் மாறுகிறார். எங்கள் ஊருக்குப் புதிதில்லை.

முதலில் பெட்ஷீட்டைப் பிடித்தோம். பின்னால் பல்பு எரிந்ததில் ரிபன் கட்டிய தலை ஒன்று நிழலாகத் தெரிய, எதிர்க்கட்சி திரை விழுமுன்பே பெயரைக் கத்திவிட்டது. விடுதிக் காவல்காரர் தன் கறுப்புக் கம்பளியைக் கொண்டுவந்தார். அதில் வெளிச்சமும் ஊடுருவாது, மழையும் ஊடுருவாது. விளிம்பு தரையைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் சப்பாத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பார்கள்.

பாவக்காய் மட்டும் நான்கு பேரை வென்றான். ஒவ்வொரு தடவையும் எதிரில் இருந்தவர்கள் "பாவக்காய்!" என்றார்கள், நடுவர் நான், அது பெயர் இல்லை என்று தள்ளினேன். அவர்கள் யோசிப்பதற்குள் அவன் அவர்களுடைய பெயரைச் சொல்லிவிட்டான்.

கடைசியில் பிள்ளைகள் பெரியவர்களையும் இழுத்தார்கள். என்னை ஒரு பக்கம் தள்ளினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் கிசுகிசு. ஒன்று, இரண்டு, மூன்று. கம்பளி விழுந்தது. எதிரில் தோளில் துண்டோடு சமையல் அண்ணன். இதே முகாமில் மூன்று வருடமாக எனக்கு ரொட்டியும் சம்பலும் தருபவர். நான் வாயைத் திறந்தேன். "அண்ணன்…" அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பின்னால் திரும்பினேன், என் கட்சியிலும் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் நிதானமாகச் சிரித்து, என் பெயரை இனிஷியலோடு சொன்னார்.

விதி விதிதானே. அவர் பக்கம் போனேன். மறுநாள் காலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டி, "நீங்க இப்ப நம்ம கட்சி" என்று திருவலையைக் கையில் கொடுத்தார். பன்னிரண்டு தேங்காய். ஏழாவதில் அவருடைய பெயரைக் கேட்டேன். "பன்னெண்டும் முடியட்டும், சொல்றேன்" என்றார்.