ஐந்து ட்யூப், ஒரு பழைய பச்சை: கலவை நாட்குறிப்பு

மார்ச் 3

பழைய மரப்பெட்டியின் மூடியில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெயின்ட் பெயர்ந்து மரம் தெரிகிறது. பெட்டி முழுக்க ஒரே சாம்பல் பூத்த பச்சை. மூடி முழுவதையும் புதிதாக அடிக்க மனமில்லை. அந்த ஓட்டையை மட்டும் அதே நிறத்தில் அடைக்க வேண்டும். கையில் இருப்பது அக்ரிலிக்கில் ஐந்தே ட்யூப்: சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு.

கலக்கும் முன் மூடியின் ஒரு மூலையைச் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்தேன். துணியில் பழுப்பாக அழுக்கு வந்தது. துடைத்த இடம் மற்ற இடத்தைவிட வெளிறி, கொஞ்சம் குளிர்ந்த பச்சையாகத் தெரிந்தது. நேற்றுவரை நான் மனத்தில் வைத்திருந்தது பெயின்டின் நிறம் அல்ல, அதன் மேல் படிந்த அழுக்கின் நிறம். மூடி முழுவதையும் துடைத்து உலரவிட்டேன். மூடியின் உள்பக்கம் வெளிச்சமே படாமல் இருந்ததால் இன்னும் அடர்த்தியாக இருக்கிறது. அதைப் பார்த்துக் கலந்தால் வெளியே ஒட்டாது. ஓட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் நிறம்தான் என் இலக்கு.

மார்ச் 4

முதலில் ஐந்து நிறங்களின் குணத்தைப் பார்த்தேன். நீலம் அல்ட்ராமெரின். ஊதாப் பக்கம் சாய்ந்த நீலம் அது. ஆகவே மஞ்சளோடு சேரும்போது தனக்குள் இருக்கும் சிவப்பையும் கொண்டுவந்து பச்சையைக் கொஞ்சம் மங்கவைக்கும். பளிச்சென்ற இளம்பச்சை வேண்டுமென்றால் இந்த நீலம் கைகொடுக்காது. எனக்கு வேண்டியது மங்கல் பச்சைதான், எனவே பிரச்சினை இல்லை.

மஞ்சளும் வெள்ளையும் எடுத்து, நீலத்தைத் துளித்துளியாகச் சேர்த்தேன். நல்ல பச்சை வந்தது, ஆனால் இலக்கைவிட உயிரோட்டமான பச்சை. அதை அடக்கக் கத்தி நுனியில் கறுப்பை எடுத்துப் போட்டேன். ஒரே கலக்கலில் எல்லாம் இருண்டுவிட்டது. அதை மீட்க வெள்ளை, பிறகு மஞ்சள், பிறகு மறுபடி நீலம் என்று ஊற்றிக்கொண்டே போனதில் ஒரு கிண்ணம் நிறையப் பெயின்ட் சேர்ந்தது, நிறம் மட்டும் சேரவில்லை.

தவறு எங்கே என்று இப்போது புரிகிறது. வெளிர் நிறத்தை இருட்ட அடர் நிறம் எள்ளளவு போதும். அடர் நிறத்தை வெளிரவைக்க அதைப் போலப் பல மடங்கு வெள்ளை வேண்டும். கறுப்பு கூடிப்போனால் மொத்தக் கலவையையும் காப்பாற்ற முயலாமல், அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் புதிய வெள்ளையில் போட்டிருக்க வேண்டும்.

மார்ச் 5

இன்று கறுப்பை நேரடியாகத் தொடவில்லை. 9 கிராம் வெள்ளையில் 1 கிராம் கறுப்பைக் கலந்து ஒரு சாம்பல் செய்து, மூடி போட்ட சின்ன டப்பாவில் வைத்துவிட்டேன். இனிக் கறுப்பு தேவைப்படும்போதெல்லாம் இந்தச் சாம்பலில் இருந்துதான் எடுப்பேன். 0.1 கிராம் கறுப்பை அளப்பது சிரமம், 1 கிராம் சாம்பலை அளப்பது எளிது. கறுப்பின் அளவு ஒன்றேதான், ஆனால் கை தவறினாலும் கலவை கெடாது. நகை நிறுக்கும் சின்னத் தராசு போதுமானதாக இருக்கிறது.

வேலையின் வரிசையையும் மாற்றினேன். நிறம் பொருந்துகிறதா என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் பதில் கிடைக்காது. மூன்றாகப் பிரித்தேன். எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர்? எந்தப் பக்கம் சாய்கிறது, மஞ்சள் பக்கமா நீலப் பக்கமா? எவ்வளவு பளிச், எவ்வளவு மங்கல்? முதலாவதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். வெளிர்–அடரில் வேறுபாடு இருக்கும்வரை மற்ற இரண்டையும் கண் சரியாகச் சொல்லாது.

அதற்கு ஒரு வழி: கலவையை மூடியின் மேல் வைத்து, கண்ணை இடுக்கிப் பார்ப்பது. நிறம் மங்கி, இருட்டும் வெளிச்சமும் மட்டும் தெரியும். போனில் கறுப்பு வெள்ளைப் படமாகவும் எடுத்துப் பார்த்தேன். முதல் கலவை படத்தில் தெளிவாகக் கறுத்தத் திட்டாகத் தெரிந்தது. வெள்ளையைக் கூட்டிக்கொண்டே வந்தேன். திட்டு படத்தில் கரைந்ததும் நிறுத்தினேன்.

மார்ச் 7

நேற்று ஈரத்தில் அச்சாகப் பொருந்திய கலவை, இன்று காலையில் இலக்கைவிட அடர்ந்து கிடக்கிறது. அக்ரிலிக்கில் நிறமியைப் பிடித்துவைக்கும் பிசின் ஈரத்தில் பால் போல வெண்மையாக இருக்கும், உலர்ந்தால் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். அந்த வெண்மை போனதும் நிறம் ஒரு படி இறங்கும். எனவே ஈரத்தில் பார்த்து முடிவு செய்வதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு சோதனையையும் தடித்த அட்டையில் இரண்டு பூச்சு அடித்து, முடி உலர்த்தியால் காயவைத்து, பூச்சு விளிம்புவரை வருகிறபடி அட்டையை வெட்டுகிறேன். வெட்டிய விளிம்பை மூடியோடு ஒட்டிவைத்தால் நிறம் பொருந்தும் இடத்தில் கோடு கரைந்துபோகும். கோடு தெரிகிறவரை வேலை பாக்கி.

ஒட்டிவைத்துப் பார்க்கும்போது சுற்றியுள்ள நிறமும் கண்ணை ஏமாற்றும். செவ்ரோல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பாரிஸின் கோபலான் திரைச்சீலைத் தொழிற்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தபோது, கறுப்பு நூல் வலுவாக இல்லை என்று புகார் வந்தது. குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நூல்களின் நிறத்தில் இருந்தது என்று அவர் கண்டறிந்தார். சுற்றியுள்ள நிறம் என்னையும் ஏமாற்றாமல் இருக்க, ஒரு சாம்பல் அட்டையில் சின்ன ஓட்டை போட்டுக்கொண்டேன். அந்த ஓட்டை வழியாகப் பாதி மூடியும் பாதி சோதனை அட்டையும் மட்டும் தெரியும்படி பார்க்கிறேன்.

மார்ச் 8

வெளிர்–அடர் சரியாகிவிட்டது. நிறம் மட்டும் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. மங்கவைக்க இரண்டு வழி உண்டு. பச்சைக்கு எதிர்நிறமான சிவப்பைக் கொஞ்சம் சேர்க்கலாம், அல்லது சாம்பலைச் சேர்க்கலாம். கலவையை இரண்டாகப் பிரித்து இரண்டையும் செய்தேன். சிவப்பு சேர்ந்த பாதி மங்கியதோடு சூடேறி, காய்ந்த இலையின் பக்கம் போனது. சாம்பல் சேர்ந்த பாதி மங்கி, குளிர்ந்து, சற்று இருண்டது. இலக்கு இரண்டுக்கும் நடுவில் இருந்தது. சிவப்பில் துளியும் சாம்பலில் துளியும் போட்டு உலர்த்தினேன். சன்னல் வெளிச்சத்தில் கோடு மறைந்துவிட்டது. நிம்மதியாக ஓட்டையில் ஒரு பூச்சு தொட்டுவைத்தேன்.

இரவு: அக்கா அறைக்குள் இருந்து கூப்பிட்டாள். “தம்பி, இந்தப் பெட்டியில யாரோ பழுப்புப் பொட்டு வெச்ச மாதிரி இருக்கு, வந்து பாரு.” மஞ்சள் விளக்கின் கீழே மூடி பச்சையாகவே இருந்தது, என் திட்டு மட்டும் சிவந்து தெரிந்தது. பகலில் ஒன்றாக இருந்த இரண்டும் இரவில் பிரிந்துவிட்டன.

மார்ச் 9

இரவு நடந்ததற்குக் காரணம் இதுதான். இரண்டு பெயின்ட் ஒரே நிறமாகத் தெரிவதற்கு, அவை ஒளியின் ஒவ்வொரு பகுதியையும் ஒரே அளவில் திருப்பி அனுப்பத் தேவையில்லை. மொத்தத்தில் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தால் போதும். வெளிச்சம் மாறினால் அந்தச் சமநிலையும் மாறும். மஞ்சள் விளக்கில் சிவப்புக் கதிர் அதிகம். அல்ட்ராமெரின் கடைக்கோடிச் சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்புகிற நிறமி. அதன்மேல் நான் சிவப்பு ட்யூபையும் சேர்த்திருந்தேன். இரண்டும் விளக்கடியில் கிளம்பிவிட்டன.

அப்படியானால் பழைய பெயின்டில் நீலமும் சிவப்பும் குறைவு என்றுதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. மங்கலான அந்தப் பச்சை வேறு வழியில் வந்திருக்கிறது.

மார்ச் 10

மஞ்சளையும் சாம்பலையும் மட்டும் கலந்தேன், நீலமே இல்லாமல். பச்சை வந்தது! கறுப்பை வெள்ளையில் கரைத்தால் வருவது நீலச் சாயல் கொண்ட சாம்பல். மஞ்சளுக்கு அது நீலமாகவே வேலை செய்கிறது. கறுப்பு இருட்டுவதற்கு மட்டும்தான் என்று இத்தனை நாள் வைத்திருந்த எண்ணத்தை இன்றோடு விட்டேன்.

இந்தப் பச்சை பிறக்கும்போதே மங்கலாகப் பிறக்கிறது, சிவப்பால் அடக்க வேண்டிய வேலையே இல்லை. இலக்கைவிட ஒரு சாயல் மஞ்சளாக இருந்ததால் நீலத்தை மிகக் குறைவாகச் சேர்த்தேன். உலர்ந்ததும் பகலில் கோடு மறைந்தது. இரவில் விளக்கின் கீழும் மறைந்தது. கறுப்பு ஒளியின் எல்லாப் பகுதிகளையும் ஏறக்குறைய ஒரே மாதிரி விழுங்குவதால் வெளிச்சம் மாறினாலும் அது ஆட்டம் போடுவதில்லை.

கடைசியில் நின்ற அளவு: வெள்ளை 16 கிராம், சாம்பல் 6 கிராம், மஞ்சள் 2.4 கிராம், நீலம் 0.3 கிராம். சாம்பலுக்குள் இருக்கும் கறுப்பு 0.6 கிராம்தான். சிவப்பு பூஜ்யம். இந்த எண்கள் என் ட்யூப்களுக்கு மட்டும் பொருந்தும். வேறு தயாரிப்பில் நிறமியின் வலு வேறாக இருக்கும், அங்கே வரிசைதான் உதவும், எண் உதவாது.

இலக்கு மங்கலாக இருந்ததால்தான் ஐந்து ட்யூபுக்குள் அடங்கியது என்பதையும் எழுதிவைக்கிறேன். கலக்கக் கலக்க நிறம் மங்குமே தவிரப் பளிச்சாகாது. இதே பெட்டி தெளிந்த நீலப்பச்சையாக இருந்திருந்தால் இந்த அல்ட்ராமெரினை வைத்து எவ்வளவு உருட்டினாலும் எட்டியிருக்க முடியாது. பச்சைப் பக்கம் சாய்ந்த வேறொரு நீலம் வாங்கியிருக்க வேண்டும்.

மார்ச் 12

பழைய திட்டைச் சுரண்டிவிட்டுப் புதியதைப் பூசும் முன் ஒரு சந்தேகம். மூடிக்கு மெல்லிய பளபளப்பு இருக்கிறது, என் சோதனை அட்டையோ பளபளப்பே இல்லாமல் மட்டாக இருக்கிறது. மட்டான பரப்பு ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் வெளிறித் தெரியும். அரைப் பளபளப்பு வார்னிஷை அட்டையில் ஒரு பூச்சு தொட்டேன், நிறம் கொஞ்சம் இறங்கியது. மறைந்திருந்த கோடு மீண்டும் மங்கலாகத் தெரிந்தது. வெள்ளை மட்டும் 1 கிராம் கூட்டிக் கலந்து, உலர்த்தி, வார்னிஷ் போட்டுப் பார்த்தேன். சரியானது. வெள்ளை 17 என்று திருத்திக்கொண்டேன்.

மார்ச் 14

மரத்துக்கு முதலில் வெறும் வெள்ளை ஒரு பூச்சு கொடுத்தேன். இல்லாவிட்டால் மரத்தின் பழுப்பு மேலே எட்டிப்பார்க்கும், மஞ்சள் அவ்வளவாக மறைக்காத நிறமி. பிறகு பச்சை இரண்டு மெல்லிய பூச்சு, கடைசியில் வார்னிஷ். பகலிலும் விளக்கிலும் நிறம் ஒன்றாகவே இருக்கிறது. சாய்வாகப் பார்த்தால் மட்டும் பழைய பெயின்டின் விளிம்பு மெல்லிய மேடாகத் தெரிகிறது. அது நிறத்தின் குறை அல்ல. விளிம்பை நேர்த்தியான உப்புத்தாளால் தேய்த்துவிட்டு இன்னொரு முறை வார்னிஷ் போட வேண்டும். மீந்த பச்சையைக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி, நான்கு எண்களையும் அதன் மூடியில் எழுதி ஒட்டினேன்.