ஆல்பத்தில் கிராப் எதுவரை, தனிக் கட்டணம் எதிலிருந்து: மணமக்களுக்கு நான் எழுதிய செய்தி

மதுரையில் நான் படமெடுத்த ஒரு திருமணத்தின் மணமக்கள், ஆல்பத்துக்கான படங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பியபோது சில படங்களின் கீழே குறிப்புகளும் எழுதியிருந்தார்கள். "ஓரத்தில் நிற்பவரை எடுத்துவிடுங்கள்", "எங்கள் இருவரை மட்டும் தனியாக வெட்டித் தாருங்கள்" என்ற அளவில் அவை இருந்தன. ஒப்பந்தத்தில் நான் எழுதியிருந்தது "ஆல்பம் வடிவமைப்பு உட்பட" என்று மட்டுமே என்பதால், இவற்றில் எவை பேசிய தொகைக்குள் அடங்கும், எவற்றுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதி அனுப்பினேன்.

கிராப்பைப் பற்றி முதலில் எழுதினேன். ஆல்பத்தில் வரும் எல்லாப் படங்களுக்கும் ஓரங்களை வெட்டுவதும், சாய்வை நேராக்குவதும் தொகைக்குள் அடங்கும் என்றும், மூலப் படத்தை வெட்டாமல் வைத்திருப்பதால் ஒருமுறை வெட்டியது பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம் என்றும் தெரிவித்தேன். கூடவே ஓர் எல்லையையும் சொன்னேன். கேமராவில் பதிவாகும் படம் 3:2 விகிதத்தில் இருக்கிறது. ஆல்பத்தை விரித்தால் ஒரு ஷீட் 36க்கு 12 அங்குலம், அதாவது 3:1. ஆகவே ஒரே படத்தை ஷீட் முழுவதும் பரப்பினால் அதன் உயரத்தில் சரிபாதி போய்விடும். அவர்கள் கேட்டிருந்த தாலி கட்டும் படத்தில் மேலே அட்சதை தூவும் கைகளும் கீழே மணவறையும் இருந்தன. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று எழுதி, இரண்டு விதமாகவும் வெட்டிய மாதிரிகளை இணைத்தேன்.

அதிகம் விளக்க வேண்டியிருந்தது குடும்பப் படம் ஒன்றைப் பற்றித்தான். மணமக்களின் இருபுறமும் உறவினர் நின்ற அந்தப் படத்தில் தங்களை மட்டும் வைத்து, 12க்கு 18 அங்குல லேமினேஷன் போடக் கேட்டிருந்தார்கள். 6000க்கு 4000 பிக்சல் கொண்ட படத்தில் இருவரும் இருந்த பகுதி ஏறத்தாழ 2000க்கு 3000 பிக்சல். அதை அந்த அளவில் அச்சிட்டால் அங்குலத்துக்குச் சுமார் 166 பிக்சல்தான் கிடைக்கும். பட்டின் ஜரிகை அருகிலிருந்து பார்க்கும்போது மங்கித் தெரியும். 8க்கு 12 என்றால் 250 கிடைக்கும், அது நன்றாக வரும். அதைவிட முக்கியமான சிக்கல், மணமகளின் அம்மா மகளின் தோளில் கை வைத்திருந்தார். எங்கே வெட்டினாலும் அந்த நான்கு விரல்களும் தோளில் தங்கும். விரல்களை நீக்கி, அவை மறைத்த ஜரிகையையும் மாலையின் பூக்களையும் திரும்ப வரைய வேண்டும் என்றால் அது ரீடச்சிங். படம் ஒன்றுக்கு 500 ரூபாய். படத்தின் ஓரத்தை நகர்த்தினால் தீரும் வேலை தொகைக்குள் அடங்கும், படத்துக்குள் எதையாவது புதிதாக வரைய வேண்டிவந்தால் அதற்குத் தனிக் கட்டணம் என்று இந்தப் படத்தையே காட்டி எழுதியது அவர்களுக்கு உடனே புரிந்தது.

கட்டவுட்டுக்கும் அதேபோல் விளக்கம் தேவைப்பட்டது. ஆல்பம் ஷீட்டுகளில் உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரித்து வைக்கும் பத்துப் படங்கள் தொகைக்குள் அடங்கும். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 150 ரூபாய். வேட்டி, சட்டை, தோள் போன்ற தெளிவான விளிம்புகளை, கணினியில் கோடு வரைந்து பிரிக்கும் பென் டூலில் விரைவாக வெட்டிவிடலாம். பிரிந்து பறக்கும் கூந்தலும், இடையிடையே பின்னணி தெரியும் மல்லிகைச் சரமும் அப்படி வராது. அவசரமாக வெட்டினால் தலையைச் சுற்றிப் பழைய பின்னணியின் நிறம் ஒரு கோடாக நிற்கும். புல்வெளியில் எடுத்த படத்தில் வெள்ளை வேட்டியின் கீழ்ப்பகுதியில் பச்சை ஏறியிருப்பதால், பின்னணியை நீக்கிய பிறகு நிறத்தையும் தனியாகத் திருத்த வேண்டும். இவ்வகைப் படங்களுக்கு 400 ரூபாய் என்று எழுதினேன்.

மண்டப வாசலில் வைக்கும் ஆளுயரக் கட்டவுட்டையும், உறவினர்கள் ஃபிளெக்ஸுக்குக் கேட்கும் பின்னணி இல்லாத பி.என்.ஜி. கோப்புகளையும் தொகுப்பில் நான் சேர்ப்பதில்லை. ஆளுயரத்துக்குப் பாதம்வரை ஒரே ஃபிரேமில் விழுந்த படம் வேண்டும். முழங்காலோடு நின்ற படத்தில் கால்களைச் சேர்க்க நான் சம்மதிப்பதில்லை, பணம் கொடுத்தாலும் அது இயல்பாக இருக்காது. வரவேற்பு இன்னும் நடக்கவிருந்ததால், ஆளுயரக் கட்டவுட் வேண்டுமானால் அலங்காரம் முடிந்த கையோடு, சுவரிலிருந்து சில அடி தள்ளி இருவரையும் நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம், அந்தப் படத்தை எடுப்பதற்குக் கட்டணம் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மணமகன் தொலைபேசியில் அழைத்து, "அத்தையின் கை அப்படியே இருக்கட்டும் அண்ணா, அந்தப் படத்தை முழுதாகவே போட்டுவிடுங்கள்" என்றார். ஆளுயரக் கட்டவுட்டுக்கான படத்தை எடுக்க ஒப்புக்கொண்டார்கள். கூந்தல் பறக்கும் இரண்டு படங்களுக்கு மட்டும் கூடுதல் தொகை அனுப்பினார்கள். அதன் பிறகே ஆல்பம் ஷீட்டுகளை வடிவமைக்கத் தொடங்கினேன்.