மேற்கோள் பட்டியலைச் சமர்ப்பிக்கும் முன்

ஊட்டியில் ஆய்வேடு எழுதும் தம்பி ஒருவர், புல்வெளிகளில் சீகை மரம் பரவுவது பற்றிய தன் மேற்கோள் பட்டியலைக் காட்டினார். அதில் சில, சாட்பாட் கொடுத்தவை. ஒரு கட்டுரையில் ஆசிரியர் பெயர் நிஜம், ஆய்விதழ் நிஜம், கட்டுரையின் நிரந்தர அடையாள எண்ணான டிஓஐயும் இருந்தது. அந்த எண்ணை doi.org-இல் போட்டால் மீன்களைப் பற்றிய வேறொரு கட்டுரை திறக்கிறது! சாட்பாட்டை இயக்கும் மொழி மாதிரி, பொருந்தி வரக்கூடிய சொற்களை அடுக்குகிறது. அதனால்தான் தனித்தனியே எல்லாம் உண்மை, சேர்த்துப் பார்த்தால் அப்படியொரு கட்டுரையே இல்லை.

எனவே இணைப்பு திறந்தால் மட்டும் போதாது. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். டிஓஐ இல்லாத நல்ல இந்திய இதழ்களும் உண்டு. எண் இல்லை என்பதற்காகப் பொய் என்று தள்ளாதீர்கள். இதழின் தளத்தில் அந்தத் தொகுதியின் பொருளடக்கத்தைத் திறந்து, அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கூகுள் ஸ்காலரில் [CITATION] என்று மட்டும் வந்தால் அதைச் சான்றாக எடுக்க வேண்டாம். வேறு யாரோ மேற்கோள் காட்டியதிலிருந்து உருவாகும் பதிவு அது. போலிக் கட்டுரையும் அப்படி அங்கே ஏறிவிடும்.

கட்டுரை கிடைத்த பிறகும், நீங்கள் எழுதிய கருத்து அதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்.